ஃபெரோமோனும் பனியன் சோதனையும்

"ஒருத்தரை நமக்குப் பிடித்துப்போவதற்கு அவருடைய உடல் வாசனையும் ஃபெரோமோனும்தான் காரணம் என்கிறார்கள். ஃபெரோமோன் கலந்த சென்ட் கூட விற்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை? ஆராய்ச்சியில் நிஜமாகவே என்ன வந்திருக்கிறது?"

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். மனிதர்களுக்கு ஈர்ப்பை உண்டாக்கும் ஃபெரோமோன் என்று இன்றுவரை ஒரு பொருள் கூட நிரூபிக்கப்படவில்லை. அதற்காக உடல் மணத்துக்கும் நெருக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. சம்பந்தம் இருக்கிறது, ஆனால் அது விளம்பரங்கள் சொல்லும் விதத்தில் இல்லை. மோப்பம் பற்றிய ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அக்குளில் வைத்தெடுத்த பஞ்சைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, ஆட்களை உட்காரவைத்து முகரச் சொல்லி மதிப்பெண் வாங்குவதுதான் அங்கே தினசரி வேலை. அதனால் ஒரு முடிவு எப்படி வருகிறது, எங்கே சறுக்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஃபெரோமோன் என்ற சொல். 1959-இல் பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் இந்தச் சொல்லை உருவாக்கினார்கள். ஒரு உயிர் வெளியிட்டு, அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு உயிரிடம் குறிப்பிட்ட ஒரு செயலையோ உடல் மாற்றத்தையோ உண்டாக்கும் பொருள் என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். அதே ஆண்டில்தான் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டநாண்ட் பட்டுப்பூச்சியின் ஃபெரோமோனைக் கண்டுபிடித்து அறிவித்தார். அவர் போன வழியைக் கொஞ்சம் பார்ப்போம். பெண் பூச்சியின் வாடை பட்டால் ஆண் பூச்சி சிறகைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளை எடுத்து, சாறு பிழிந்து, அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஆண் பூச்சியிடம் காட்டிப் பார்த்தார்கள். சிறகடிக்கவைத்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பிரித்தார்கள். கடைசியில் ஒரே ஒரு மூலக்கூறு மிஞ்சியது. அதற்கு பாம்பிகால் என்று பெயர். அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்து, மிக மிகக் குறைந்த அளவில் காட்டியபோதும் ஆண் பூச்சி அதேபோல் சிறகடித்தது. இந்த வேலை முடிய ஏறக்குறைய 20 வருடம் ஆனது.

ஆக, படிகள் மூன்று. ஒரு தெளிவான எதிர்வினை இருக்க வேண்டும். அந்த எதிர்வினையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு அந்தப் பொருளைத் தனியாக, உடலில் இருக்கிற அதே அளவில் கொடுத்தால் அதே எதிர்வினை மறுபடி வர வேண்டும். மனிதனில் யாரும் இந்த மூன்றையும் கடந்து வரவில்லை. ஆரம்பப் படியே இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். சிறகடிப்பு மாதிரி, பார்த்ததும் "இதோ" என்று சொல்லக்கூடிய எதிர்வினை நம்மிடம் என்ன இருக்கிறது?

பாலூட்டிகளில் பிரபலமான உதாரணம் பன்றி. ஆண் பன்றியின் எச்சிலில் ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற பொருள் இருக்கிறது. சினையாகும் பருவத்தில் இருக்கும் பெண் பன்றி அதை முகர்ந்தால், முதுகில் கை வைத்து அழுத்தும்போது அசையாமல் நின்றுகொடுக்கும். பண்ணைகளில் செயற்கைச் சினையூட்டலுக்கு இதை ஸ்பிரேயாகவே பயன்படுத்துகிறார்கள். இதே பொருள் மனித வியர்வையிலும் சிறிதளவு உண்டு. அங்கிருந்துதான் கற்பனை கிளம்பியது. ஆனால் மனிதர்களிடம் இந்தப் பொருள் செய்வது வேறு. ஒரு காகிதப் பட்டையில் தோய்த்து மூன்று பேரிடம் நீட்டினேன். ஒருவர் மூக்கைச் சுளித்து "மூத்திர வாடை" என்று தள்ளிவிட்டார். அடுத்தவர் "இனிப்பாக, பூ மாதிரி இருக்கிறதே" என்றார். மூன்றாமவர் இரண்டு முறை முகர்ந்துவிட்டு "இதில் ஒன்றுமே இல்லை, வெறும் காகிதம்" என்று திருப்பிக் கொடுத்தார். மூவர் சொன்னதும் உண்மைதான். மூக்கில் இருக்கும் ஓஆர்7டி4 என்ற ஏற்பி மரபணுவின் வகை ஆளுக்கு ஆள் மாறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2007-இல் ஆண்ட்ரியாஸ் கெல்லரும் சகாக்களும் காட்டினார்கள். ஒருவருக்கு மூத்திரமாகவும் இன்னொருவருக்குப் பூவாகவும் மணக்கும் பொருள், எல்லோரையும் ஒரே பக்கம் இழுக்கும் சமிக்ஞையாக இருப்பது கடினம்.

கடையில் விற்கும் சென்ட்டின் பின்னால் இருக்கும் கதை இன்னொரு மூலக்கூறுடையது, ஆண்ட்ரோஸ்டாடையினோன். அதற்குப் பெண்பால் ஜோடியாகச் சொல்லப்படுவது எஸ்ட்ராடெட்ராயினால். இவை இரண்டும் 1991-இல் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டில் "மனித ஃபெரோமோன்களாக இருக்கலாம்" என்று அறிமுகமாயின. இவற்றில் வணிக ஆர்வம் கொண்டிருந்த நிறுவனம் ஒன்றுதான் அந்த மாநாட்டுக்கு ஆதரவு கொடுத்தது. இந்த இரண்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், எந்த எதிர்வினையை வைத்துப் பிரித்தெடுத்தார்கள் என்ற விவரம் எதுவும் வெளிவரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டிரிஸ்ட்ரம் வயாட் 2015-இல் இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்து விமர்சித்தார். அதற்குள் இந்த இரண்டு மூலக்கூறுகளை வைத்து எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. அவற்றில் பலவற்றில் கொடுத்த அளவு, அக்குளில் இயல்பாக இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

2017-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ராபின் ஹேர் தலைமையில் ஒரு நேரடிச் சோதனை நடந்தது. 94 பேர். ஒருநாள் அந்த மூலக்கூறு, இன்னொரு நாள் அது இல்லாத போலி. எது எந்த நாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபடி கலந்து செய்த முகங்களைக் காட்டிப் பாலினம் கேட்டார்கள். எதிர்பாலினப் புகைப்படங்களுக்குக் கவர்ச்சி மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டு நாளுக்கும் வித்தியாசம் வரவில்லை. ஆகவே ஃபெரோமோன் சென்ட் பற்றிய என் பதில் நேரடியானது. அதன் மணம் உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள், ஃபெரோமோனுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

சரி, இனி உடல் மணம். இதில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஒரே ஒரு சோதனையைத்தான், சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் வெடெகிண்ட் 1995-இல் வெளியிட்ட பனியன் சோதனை. அதன் வேர் எலியில் இருக்கிறது. நம் உடலில் எச்எல்ஏ என்றொரு மரபணுத் தொகுதி உண்டு. எது நம் செல், எது அந்நியக் கிருமி என்று நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காண உதவுவது அது. ஆளுக்கு ஆள் மிக அதிகமாக மாறுபடும். பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வரும். உறுப்பு மாற்று அறுவையில் "பொருந்துகிறதா" என்று பார்ப்பது இதைத்தான். எலியிலும் இதற்கு இணையான தொகுதி உண்டு. அந்தத் தொகுதி மட்டும் வேறுபடும்படி வளர்த்த எலிகளில், ஆண் எலி தன்னிலிருந்து வேறுபட்ட துணையைப் பெரும்பாலும் நாடியது என்று 1976-இல் யமசாகியின் குழு காட்டியது. சிறுநீர் வாடையை வைத்தே எலிகளால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடிந்தது. இப்படித் தேர்ந்தெடுத்தால் குட்டிகளுக்குப் பலதரப்பட்ட எதிர்ப்புச் சக்தி கிடைக்கும், நெருங்கிய உறவுக்குள் இணைவதும் தவிர்க்கப்படும் என்பது விளக்கம்.

மனிதனுக்கும் இது பொருந்துமா என்று பார்க்க வெடெகிண்ட் 44 ஆண் மாணவர்களையும் 49 பெண் மாணவர்களையும் சேர்த்தார். ஆண்கள் ஒரு புதுப் பருத்தி டி-ஷர்ட்டை அடுத்தடுத்து இரண்டு இரவு போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். மணமில்லாத சோப்பு, மணமில்லாத சலவைத் தூள், சென்ட் கூடாது, சிகரெட் கூடாது, மது கூடாது, வாடை கிளப்பும் சாப்பாடும் கூடாது. அப்புறம் அந்தச் சட்டைகளை அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே மூக்கு வைக்க ஒரு ஓட்டை போட்டார்கள். ஒவ்வொரு பெண்ணும் ஆறு பெட்டிகளை முகர்ந்தார். மூன்று சட்டை எச்எல்ஏ தன்னோடு ஒத்த ஆண்களுடையது, மூன்று வேறுபட்ட ஆண்களுடையது. எது எது என்று தெரியாது. வாடை எவ்வளவு காரம், எவ்வளவு இனிமை, எவ்வளவு கவர்ச்சி என்று மதிப்பெண் போட்டார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடாத பெண்களுக்கு, எச்எல்ஏ வேறுபட்ட ஆண்களின் சட்டை வாடை கூடுதல் இனிமையாகப் பட்டது. மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இது தலைகீழாக வந்தது.

அழகான சோதனை. எனக்கு இன்றும் பிடித்த ஒன்று. ஆனால் இது என்ன சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். "இந்தச் சட்டை கொஞ்சம் பரவாயில்லை" என்பது ஒரு மதிப்பெண் வித்தியாசம், காதல் இல்லை. நானே பார்த்திருக்கிறேன். அக்குள் வாடைக்கு ஆட்கள் போடும் மதிப்பெண்ணில் பெரும்பாலானவை நடுவுக்குக் கீழேதான் விழும். "அதிக இனிமை" என்பதன் நடைமுறை அர்த்தம் பல சமயம் "குறைவான வெறுப்பு" என்பதுதான். இரண்டாவது, ஆட்களின் எண்ணிக்கை சிறியது. அதையும் மாத்திரை உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரித்த பிறகுதான் முடிவு தெளிவாகிறது. இப்படிப் பிரிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் ஆட்கள் இன்னும் குறைவார்கள், தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியும். மூன்றாவது, மாத்திரை சாப்பிடும் பெண்களும் சாப்பிடாதவர்களும் வேறு வேறு ஆட்கள். இருவருக்கும் இடையே மாத்திரை மட்டுமே வித்தியாசமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த மூன்றாவது ஓட்டையை அடைக்கத்தான் 2008-இல் இங்கிலாந்தில் கிரெய்க் ராபர்ட்ஸின் குழு, அதே பெண்களை மாத்திரை தொடங்குவதற்கு முன்னும் பின்னும் சோதித்தது. ஒட்டுமொத்தமாக, எச்எல்ஏ வேறுபட்ட ஆண்களின் வாடைக்கு விருப்பம் என்று எதுவும் தெரியவில்லை. மாத்திரை தொடங்கியவர்களின் விருப்பம் தொடங்காதவர்களோடு ஒப்பிடும்போது ஒத்த வகையின் பக்கம் சற்று நகர்ந்தது, அவ்வளவுதான். அதற்கு முன்பே 2002-இல் சிகாகோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது. பெண்கள் தங்கள் அப்பாவிடமிருந்து பெற்ற எச்எல்ஏ வகைகளோடு ஓரளவு ஒத்துப்போகும் ஆண்களின் வாடையையே விரும்பினார்கள் என்றது அது. முற்றிலும் வேறுபட்டவர்களின் வாடை அங்கே முதலிடம் பெறவில்லை. ஒரு ஆய்வில் வேறுபாடு, ஒன்றில் ஓரளவு ஒற்றுமை, ஒன்றில் எதுவுமே இல்லை. 2020-இல் யான் ஹாவ்லிச்செக், ஜேமி வின்டர்னிட்ஸ், ராபர்ட்ஸ் மூவரும் அதுவரை வந்த முகர்தல் ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, எச்எல்ஏ வேறுபாட்டுக்கும் வாடை விருப்பத்துக்கும் நம்பத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. அந்த மூவரில் ராபர்ட்ஸ் இந்தச் சோதனைகளை நடத்தியவர்களில் ஒருவர். தன் துறையின் பிரபலமான முடிவைத் தானே எடுத்து எடைபோட்டுப் பார்த்ததற்காக எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

முகர்வதை விட்டுவிட்டு, யார் யாரைக் கல்யாணம் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால்? அமெரிக்காவில் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் ஹட்டரைட் சமூகத்தில் கரோல் ஓபர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, எச்எல்ஏ ஒத்த தம்பதிகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றது. ஆனால் ஜெர்மனியில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட தம்பதிகளை வைத்து 2020-இல் வந்த ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. என் கணிப்பு இது: மனிதனில் எச்எல்ஏ வழியாக ஏதாவது விளைவு இருந்தாலும், மொழி, ஊர், படிப்பு, சந்திக்கும் வாய்ப்பு இவற்றுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது.

இன்னொரு காரணத்தாலும் எனக்குச் சந்தேகம். அக்குள் வாடை எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு ஏறக்குறைய வாடையே கிடையாது. அக்குளில் அபோகிரைன் என்ற தனிவகைச் சுரப்பிகள் மணமற்ற சில பொருள்களை வெளியிடுகின்றன. தோலில் வாழும் கோரினிபாக்டீரியம், ஸ்டஃபைலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்த பிறகுதான் அந்தக் காரமான அமில வாடை கிளம்புகிறது. அந்த மூலப்பொருள்களைச் சுரப்பிக்கு வெளியே தள்ள ஏபிசிசி11 என்ற மரபணு வேலை செய்ய வேண்டும். கிழக்காசியாவில் பெரும்பாலானோருக்கு அந்த மரபணு வேலை செய்யாத வடிவில் இருக்கிறது. அவர்களுடைய அக்குளில் வாடை மிகக் குறைவு, காதுக் குறும்பியும் உலர்ந்து பொடியாக இருக்கும். அக்குள் வாடைதான் ஈர்ப்பின் சாவி என்றால், கோடிக்கணக்கானோர் சாவியே இல்லாமல் காதலித்துக் குடும்பம் நடத்துவதை எப்படி விளக்குவது?

அப்படியானால் மணம் எங்கேதான் வேலை செய்கிறது? பெரும்பாலும் பழக்கத்திலும் நினைவிலும். தமிழிலேயே "நாற்றம்" என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது, இன்று மூக்கைப் பொத்தவைக்கிறது. மூக்கும் இப்படித்தான், பெயரைப் பார்த்து மனதை மாற்றிக்கொள்ளும். ஆக்ஸ்ஃபோர்டில் 2005-இல் வந்த ஓர் ஆய்வில், வியர்வையிலும் பாலாடைக்கட்டியிலும் இருக்கும் ஐசோவலேரிக் அமிலம் கலந்த மணத்தைக் கொடுத்து, ஒருமுறை "பாலாடைக்கட்டி" என்றும் இன்னொருமுறை "உடல் வாடை" என்றும் திரையில் காட்டினார்கள். மணம் ஒன்றுதான். முதல் பெயரில் இனிமை மதிப்பெண் ஏறியது, இரண்டாவதில் இறங்கியது. மூளையில் பதிவான செயல்பாடும் அதற்கேற்ப மாறியது. ஒருவரை உங்களுக்குப் பிடித்துவிட்டால் அவருடைய வாடைக்கு மனம் வைக்கும் பெயரும் மாறிவிடும். பல சமயம் முதலில் பிடித்துப்போகிறது, வாசனை பிறகு இனிக்கிறது.

இனித்த பிறகு அதற்கு உண்மையான சக்தி உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்லிஸ் ஹோஃபர் 96 ஜோடிகளை வைத்து ஒரு சோதனை செய்தார், 2018-இல் வெளிவந்தது. பெண்கள் சிலருக்குத் துணைவரின் சட்டை, சிலருக்கு முன்பின் தெரியாதவரின் சட்டை, சிலருக்கு யாரும் போடாத சட்டை. முகரச் சொல்லிவிட்டு, பதற்றம் தரும் போலி நேர்காணலும் மனக்கணக்கும் கொடுத்தார்கள். துணைவரின் சட்டையை முகர்ந்தவர்கள் குறைவான பதற்றத்தைச் சொன்னார்கள். அந்நியரின் சட்டையை முகர்ந்தவர்களுக்குக் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் கூடியது. வெளியூர் போன துணையின் சட்டையைத் தலையணைமேல் போட்டுக்கொண்டு தூங்குபவர்கள் சொல்வது வெறும் கற்பனை இல்லை. ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் இலோனா க்ராய், பிறவியிலேயே மோப்பம் இல்லாத 32 பேரை ஆராய்ந்தபோது, ஆண்களுக்கு அதுவரையிலான துணைகள் எண்ணிக்கையில் குறைவாகவும், பெண்களுக்குத் துணைவர் மேல் நம்பிக்கை சற்றுக் குறைவாகவும் இருந்தது. சின்ன ஆய்வு. அதனால் அதை ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். மோப்பம் இல்லாதவர்களும் காதலிக்கிறார்கள் என்பதும் அதிலேயே தெரிகிறது.

சென்ட் போட்டால் பலன் இருந்தது என்று சொல்பவர்களையும் நான் ஒதுக்கமாட்டேன். ராபர்ட்ஸ் குழுவே 2009-இல் இதைச் சோதித்தது. சில ஆண்களுக்கு மணமும் கிருமிக்கொல்லியும் சேர்ந்த ஸ்பிரே, சிலருக்கு இரண்டும் இல்லாத ஸ்பிரே. சில நாள் கழித்து அவர்களை வீடியோ எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பெண்களிடம் காட்டினார்கள். பார்த்த பெண்களுக்கு எந்த மணமும் எட்டவில்லை. ஆனாலும் மணமுள்ள ஸ்பிரே போட்ட ஆண்களைக் கூடுதல் கவர்ச்சியானவர்கள் என்றார்கள். அவர்களுடைய புகைப்படத்தை மட்டும் காட்டியபோது அந்த வித்தியாசம் வரவில்லை. முகர்ந்தது போட்டவர் மட்டும்தான். தன் மேல் நல்ல வாசனை வருகிறது என்ற நினைப்பில் அவர் உட்கார்ந்த விதமும் பேசிய விதமும் மாறியிருக்க வேண்டும். "ஃபெரோமோன்" என்று எழுதிய பாட்டில் வேலை செய்வதாகத் தோன்றும்போதும் இதே வழிதான் நடக்கிறது என்பது என் ஊகம்.

மனித ஃபெரோமோன் என்றைக்காவது கிடைத்தால், அது காதலில் கிடைக்காது, பிரசவ வார்டில்தான் கிடைக்கும் என்பது வயாட்டின் எண்ணம். நானும் அப்படியே நினைக்கிறேன். பால் கொடுக்கும் தாயின் முலைக்காம்பைச் சுற்றி மாண்ட்கோமெரி சுரப்பிகள் என்ற சின்னச் சின்னப் புடைப்புகள் உண்டு. பிரான்ஸின் டிஜோனில் பெனுவா ஷாலின் குழு, அந்தச் சுரப்பியின் துளியை மூன்று நாள் குழந்தைகளின் மூக்கருகே காட்டி 2009-இல் முடிவு வெளியிட்டது. குழந்தை வாயைச் சப்புக்கொட்டியது, மூச்சின் வேகம் மாறியது. அந்தத் துளி அதன் சொந்தத் தாயுடையது இல்லை, வேறொரு பெண்ணுடையது. பழகியோ கேள்விப்பட்டோ கற்றுக்கொள்ளாத ஒரு மூக்கு, கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய ஓர் எதிர்வினை. பூட்டநாண்டின் ஆண் பூச்சி சிறகடித்த மாதிரியான முதல் படி மனிதனில் இங்கேதான் தெரிகிறது. அந்தத் துளிக்குள் எந்த மூலக்கூறு அதைச் செய்கிறது என்று பிரித்தெடுக்கும் வேலை மிச்சமிருக்கிறது.